ஷவருக்கு எத்தனை கிலோவாட்?

கீசர் வாங்கக் கடைக்குப் போனால் விற்பவர் முதலில் கேட்பது, "எத்தனை லிட்டர் சார்?" என்பதுதான். 1 லிட்டர், 3 லிட்டர் என்றால் இன்ஸ்டன்ட். 15, 25 என்றால் ஸ்டோரேஜ். ஸ்டோரேஜ் வகைக்கு அது நல்ல கேள்வி. இன்ஸ்டன்ட் கீசருக்கு அநேகமாகப் பயனற்ற கேள்வி. ஓடுகிற தண்ணீரை ஓடும்போதே சுடவைப்பதுதான் அதன் வேலை. ஆகவே ஷவரில் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் இறங்குகிறது, அந்தத் தண்ணீரின் சூட்டை எத்தனை டிகிரி ஏற்ற வேண்டும் என்ற இரண்டும் தெரியாமல், இந்தக் கீசர் போதும் என்று யாராலும் சொல்ல முடியாது. இந்த இரண்டையும் கேட்கும் கடைக்காரரை நான் இன்னும் பார்க்கவில்லை.

கேட்காததன் பலன் பல வீடுகளில் தெரிகிறது. புதிதாகக் கட்டிய குளியலறை, சாப்பாட்டுத் தட்டளவு அகலமான ஷவர், சுவரில் பளபளக்கும் 3 லிட்டர் கீசர். திறந்ததும் சுகமாகச் சுடுகிறது. தலைக்கு ஷாம்பு போடுவதற்குள் வெதுவெதுப்பாகிவிடுகிறது. அலசும் நேரத்தில் பச்சைத் தண்ணீருக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சர்வீஸுக்குச் சொன்னால் ஆள் வந்து திருகிப் பார்த்துவிட்டு, "கீசர் நல்லாத்தான் இருக்கு சார்" என்கிறார். அவர் சொல்வது சரிதான். கீசரில் பழுது எதுவும் இல்லை, கணக்குத்தான் இடிக்கிறது.

அந்தக் கணக்கைப் பார்ப்போம். ஒரு லிட்டர் தண்ணீரின் சூட்டை 1 டிகிரி செல்சியஸ் ஏற்றுவதற்கு ஏறக்குறைய 4,186 ஜூல் வெப்பம் வேண்டும். நொடிக்கு 1 ஜூல் வெப்பம் கொடுத்தால் அது 1 வாட். நிமிடத்துக்கு 1 லிட்டர் தண்ணீர் ஓடுகிறது, அதை 1 டிகிரி ஏற்ற வேண்டும் என்றால், 4,186 ஜூலை 60 நொடிக்குள் கொடுத்தாக வேண்டும். 60 ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 70 வாட். இந்த 70 என்ற எண்ணை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் போதும். மற்றதெல்லாம் வெறும் பெருக்கல்:

தேவையான வாட் = 70 × நிமிடத்துக்கு லிட்டர் × ஏற்ற வேண்டிய டிகிரி

நம்பிக்கை வராதவர்கள் சமையலறையில் சோதித்துக்கொள்ளலாம். 1,500 வாட் மின்கெட்டிலில் 28 டிகிரியில் இருக்கும் 1 லிட்டர் தண்ணீரை ஊற்றுங்கள். கொதிநிலைக்கு 72 டிகிரி ஏற வேண்டும். 72-ஐ 4,186 ஆல் பெருக்கி 1,500 ஆல் வகுத்தால் 200 நொடி, அதாவது மூன்றரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. கடிகாரத்தைப் பார்த்தால் இதைவிடக் கொஞ்சம் கூடுதலாக ஆகும். கெட்டிலின் உடம்பும் சுட வேண்டுமே, ஆவியாகவும் கொஞ்சம் போகுமே. ஆனால் கணக்கு பெரிதாகத் தவறாது. தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் காயிலின் வெப்பம் தண்ணீரைத் தவிர வேறெங்கும் போக வழியில்லை. விலை உயர்ந்த கம்பெனியோ மலிவான கம்பெனியோ, 3 கிலோவாட் மின்சாரம் எடுத்தால் 3 கிலோவாட் வெப்பம்தான் தரும். 'குறைந்த மின்சாரத்தில் அதிக வெந்நீர்' என்ற விளம்பரத்தை இந்த வகைக் கீசருக்குப் பார்த்தால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

ஜூல் என்ற அலகுக்குப் பெயர் தந்த ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல் இங்கிலாந்தில் மதுபானம் வடிக்கும் குடும்பத்துப் பிள்ளை. மின்கம்பியைச் சுருளாக்கித் தண்ணீருக்குள் வைத்து, மின்சாரம் பாயும்போது தண்ணீர் எவ்வளவு சூடேறுகிறது என்று தெர்மாமீட்டரால் அளந்தார். 1841-இல் அதை வெளியிட்டார். மின்சாரத்தால் கம்பியில் எழும் வெப்பத்துக்கான விதி அந்தச் சோதனையில் பிறந்தது. நம் குளியலறைச் சுவரில் மாட்டியிருப்பதும் ஏறத்தாழ அதே அமைப்புத்தான்.

இனி ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கோயம்புத்தூரில் ஓர் அடுக்ககம், மார்கழிக் காலை. மாடித் தொட்டித் தண்ணீர் 22 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். குளிக்க இதமான சூடு 40 டிகிரி அளவில் இருக்கும். 38-க்குக் கீழே போனால் பலருக்கு வெதுவெதுப்பாகத்தான் படும். ஷவரிலிருந்து உடம்பில் விழுவதற்குள் கொஞ்சம் சூடு குறையும் என்பதால் 40 என்றே கொள்வோம். ஆக, ஏற்ற வேண்டியது 18 டிகிரி.

ஷவரின் வேகத்தை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம். 10 லிட்டர் வாளியை ஷவருக்குக் கீழே பிடித்து, வழக்கமாகக் குளிக்கும் அளவுக்குத் திறந்துவிட்டு, எத்தனை நொடியில் நிறைகிறது என்று பாருங்கள். 600-ஐ அந்த நொடிகளால் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று வந்துவிடும். நம் கோவை வீட்டில் 75 நொடியில் நிறைந்தது என்றால், நிமிடத்துக்கு 8 லிட்டர். நல்ல அழுத்தமுள்ள சாதாரண ஷவருக்கு இது அதிகமில்லை. அகலமான 'மழை' ஷவர்கள் இதைவிடக் கூடுதலாகவே கொட்டும்.

70-ஐ 8 ஆல் பெருக்கி, 18 ஆல் பெருக்குங்கள். 10,080 வாட், அதாவது 10 கிலோவாட். வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டில் இது கிட்டத்தட்ட 44 ஆம்பியர். சாதாரண ஒருமுனை இணைப்பில், குளியலறைக்கு மட்டும் இவ்வளவு மின்சாரத்தைத் தாங்கும் வயரிங் நம் வீடுகளில் கிடையாது. ஒரே ஆள் குளிக்க 10 கிலோவாட்டா என்று மலைக்க வேண்டாம். இங்கிலாந்தில் மின்ஷவர்கள் 8.5 முதல் 10.5 கிலோவாட் வரை சாதாரணமாக விற்கின்றன. அவற்றுக்கு மெயின் போர்டிலிருந்து தனியாகத் தடித்த கேபிள் இழுக்கிறார்கள். அங்கே குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் 6 டிகிரிக்கு இறங்கினால், 10.5 கிலோவாட் ஷவரும் நிமிடத்துக்கு நாலரை லிட்டர்கூடத் தராது. ஜெர்மனியிலோ 18, 21, 24 கிலோவாட் கீசர்களை மும்முனை இணைப்பில் ஓட்டுகிறார்கள்.

நம் ஊரில் இன்ஸ்டன்ட் கீசர் என்றால் பெரும்பாலும் 3 கிலோவாட். யாரும் குளிக்கும் சுகத்தைக் கணக்கிட்டு அந்த எண்ணைத் தேர்ந்ததாகத் தெரியவில்லை. சுவரில் இருக்கும் 16 ஆம்பியர் பவர் பிளக்கைப் பார்த்தால் காரணம் புரியும். 230 வோல்ட்டில் 16 ஆம்பியர் என்றால் 3.68 கிலோவாட், அதுதான் அந்தப் பிளக்கின் உச்ச எல்லை. கொஞ்சம் இடம் விட்டு 3 கிலோவாட், அதாவது 13 ஆம்பியர். எந்த வீட்டிலும் செருகி ஓட்டக்கூடிய பெரிய கீசர் அதுதான் என்பதால் சந்தை அந்த அளவில் நிற்கிறது.

அந்த 3 கிலோவாட் என்ன செய்யும்? 3,000-ஐ 70 ஆல் வகுத்தால் 43. லிட்டரையும் டிகிரியையும் பெருக்கினால் 43-ஐத் தாண்டக் கூடாது. அவ்வளவுதான் அதன் சக்தி. கோவை வீட்டில் ஷவரை முழுதாகத் திறந்து 8 லிட்டர் விட்டால் சூடு ஐந்தரை டிகிரிகூட ஏறாது. 22 டிகிரித் தண்ணீர் 27 ஆகி வரும். 3 லிட்டராகக் குறைத்தால் 14 டிகிரி ஏறி 36-க்கு வரும், வெதுவெதுப்புத்தான். 40 டிகிரி வேண்டுமானால் நிமிடத்துக்கு 2.4 லிட்டருக்கு மேல் விட முடியாது. 10 லிட்டர் வாளி நிறைய நாலு நிமிடத்துக்கு மேல் ஆகிற வேகம் அது. அகலமான ஷவரில் அது ஓரத்துத் துளைகளிலிருந்து சொட்டுச் சொட்டாக வடியும்.

அப்படியானால் திறந்ததும் வருகிற அந்த முதல் நிமிடச் சுகம் எங்கிருந்து வந்தது? கீசரின் வயிற்றில் இருக்கும் 3 லிட்டரிலிருந்து. சுவிட்சைப் போட்டுவிட்டுத் துண்டு எடுக்கப் போய் வருவதற்குள் அந்த 3 லிட்டர் 60 டிகிரிக்கு வந்திருக்கும். அதற்கு இரண்டரை நிமிடம், கொஞ்சம் கூடப் போனால் மூன்று நிமிடம் போதும். அந்த 60 டிகிரித் தண்ணீரோடு 22 டிகிரித் தண்ணீரைக் கலந்தால் 40 டிகிரியில் ஆறு லிட்டருக்குச் சற்று மேல் கிடைக்கும். காயில் பக்கத்தில் நின்று உழைத்தாலும், 8 லிட்டர் வேகத்தில் அது ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் தாக்குப்பிடிக்கும். சேமிப்பைச் செலவழித்துவிட்டு அன்றாடக் கூலிக்குத் திரும்பும் குடும்பம்போல, அதற்குப் பிறகு காயில் அந்தந்த நொடியில் தரும் வெப்பத்தில்தான் ஷவர் ஓடியாக வேண்டும்.

இங்கே பலர் செய்யும் ஒரு காரியம் நிலைமையை மோசமாக்குகிறது. சூடு குறைந்ததும் வெந்நீர்க் குழாயை இன்னும் திறக்கிறார்கள். தண்ணீர் கூடுதலாக ஓடும், அதே 3 கிலோவாட்டை அதிகத் தண்ணீர் பங்குபோட்டுக்கொள்ளும், சூடு மேலும் இறங்கும். சூடு வேண்டுமானால் குழாயை மூட வேண்டும். கீசரின் குமிழை 'அதிகம்' பக்கம் திருப்புவதாலும் பயனில்லை. அந்தக் குமிழ் எந்தச் சூட்டில் காயிலை நிறுத்துவது என்பதைத்தான் சொல்கிறது. காயிலின் வாட்டைக் கூட்டாது. எல்லாத் தண்ணீரையும் 40 டிகிரிக்குச் சூடாக்கினாலும், பாதியை 58 டிகிரிக்குச் சூடாக்கி மீதிப் பாதியோடு கலந்தாலும் செலவாகும் வெப்பம் ஒன்றுதான்.

கணக்கைக் கெடுக்கும் இன்னொன்று வோல்டேஜ். காயிலின் வாட், வோல்டேஜின் வர்க்கத்தோடு குறைகிறது. 230-க்குப் பதில் 200 வோல்ட் வந்தால் குறைவது எட்டில் ஒரு பங்கு மாதிரித் தோன்றும். ஆனால் வெப்பம் கால்பங்கு போய்விடும். 3 கிலோவாட் கீசர் இரண்டேகால் கிலோவாட் கீசராகிவிடும். கோவை வீட்டில் 2.4 லிட்டராக இருந்த அளவு அன்று 1.8 லிட்டர். தெருவில் எல்லோரும் கீசர் போடும் குளிர்காலக் காலை நேரத்தில்தான் வோல்டேஜ் இறங்கவும் வாய்ப்பு அதிகம். மதியம் நன்றாகச் சுடுகிறது, காலையில்தான் சுடவில்லை என்றால், தொட்டித் தண்ணீர் குளிர்ந்திருப்பதோடு இதுவும் காரணமாக இருக்கலாம். எலக்ட்ரீஷியனை அந்த நேரத்தில் வரவழைத்து, கீசர் ஓடும்போதே மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சும்மா இருக்கும்போது அளந்தால் நல்ல வோல்டேஜ்தான் காட்டும்.

கீசர் உண்மையிலேயே பழுதா, இல்லை கணக்குப்படித்தான் ஓடுகிறதா என்று நீங்களே கண்டுபிடிக்கலாம். ஒரு தெர்மாமீட்டர், 10 லிட்டர் வாளி, கைக்கடிகாரம் போதும். பச்சைத் தண்ணீர்க் குழாயை முழுதாக மூடிவிட்டு, கீசர் வழியாக மட்டும் மூன்று நான்கு நிமிடம் ஓடவிடுங்கள். வயிற்றில் சேர்ந்திருந்த வெந்நீர் முதலில் போய்விட வேண்டும். காயில் ஓடுவதைக் காட்டும் விளக்கு எரிந்துகொண்டே இருக்க வேண்டும். அணைந்து அணைந்து எரிந்தால் இந்தச் சோதனை செல்லாது, தண்ணீரைக் கொஞ்சம் கூட்டுங்கள். பிறகு வாளியைப் பிடித்து நேரத்தைக் குறித்துக்கொண்டு, வரும் தண்ணீரின் சூட்டையும் தொட்டித் தண்ணீரின் சூட்டையும் அளந்து, 70 கொண்டு பெருக்குங்கள். 2,700, 2,800 என்று வந்தால் கீசர் மேல் குற்றமில்லை. 2,000 அளவில் நின்றால் வோல்டேஜைச் சந்தேகிக்கலாம். அதற்கும் வெகு கீழே இருந்தால் கீசரிலேயே பழுது இருக்கலாம்.

உப்புத் தண்ணீரைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு. காயிலில் உப்பு படிந்தால் சூடு குறைந்துவிடும் என்பார்கள். மின்சாரம் பாய்கிறவரை வெப்பமும் அதே அளவில்தான் உண்டாகிறது. தண்ணீருக்குப் போய்ச் சேரக் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவே. ஆனால் படிவத்துக்கு அடியில் காயில் அளவுக்கு மீறிச் சுட்டு, சீக்கிரம் எரிந்துபோகும். போர் தண்ணீர் உள்ள வீடுகளில் காயில் அடிக்கடி மாற்ற வேண்டியிருப்பது அதனால்தான். ஷவரின் துளைகள் உப்பால் அடைபட்டால் நடப்பது நேர்மாறு: தண்ணீர் குறைந்து சூடு ஏறி, தெர்மோஸ்டாட் காயிலை நிறுத்திவிடும், சுடுவதும் குளிர்வதுமாக மாறி மாறி வரும்.

கணக்கு ஒத்துவரும் இடங்களும் இருக்கின்றன. சிங்கப்பூரில் ஆண்டு முழுவதும் வெயில்தான். குழாய்த் தண்ணீரே 28 டிகிரி வாக்கில் இருக்கும். 39 டிகிரிக்குக் கொண்டுவர 11 டிகிரி ஏற்றினால் போதும். அங்கே பரவலாக இருக்கும் 3.3 கிலோவாட் கீசர் நிமிடத்துக்கு நாலு லிட்டருக்கு மேல் தருகிறது. அது உருப்படியான ஷவர்தான். சென்னையிலும் 26 டிகிரித் தண்ணீர் வரும் காலையில், 3 கிலோவாட் கீசர் 3 லிட்டரைத் தாண்டும். அங்கே சின்னத் துளைகள் கொண்ட, நிமிடத்துக்கு மூன்று நான்கு லிட்டர் மட்டும் விடும் ஷவரை மாட்டினால் நிறைவாகக் குளிக்கலாம். ஊட்டிக்குப் போனால் கதை வேறு. 12 டிகிரித் தண்ணீரை 28 டிகிரி ஏற்ற வேண்டும்; 3 கிலோவாட்டுக்குக் கிடைப்பது ஒன்றரை லிட்டர். அதே கீசரை வாங்கி மலைக்கு மேலே மாட்டிவிட்டுக் கம்பெனியைத் திட்டுவதில் நியாயமில்லை.

4.5 கிலோவாட் இன்ஸ்டன்ட் கீசர்களும் கிடைக்கின்றன. கோவைக் கணக்கில் அது மூன்றரை லிட்டர் தரும், குளிக்கத்தக்க ஷவர். ஆனால் அது இழுப்பது 20 ஆம்பியர். 16 ஆம்பியர் பிளக்கில் அதைச் செருகவே கூடாது. மெயின் போர்டிலிருந்து தனி எம்.சி.பி. வைத்து, 4 ஸ்கொயர் எம்.எம். தாமிர வயர் இழுத்து நேரடியாக இணைக்க வேண்டும். எர்த் சரியாக இருக்க வேண்டும். மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லாத வீட்டில் எந்தக் கீசரையும் ஓட்ட வேண்டாம். சில இடங்களில் பழைய பிளக்கையே மாட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். பிளக் கையில் சுடுவது, சாக்கெட் துளையைச் சுற்றிப் பழுப்பேறுவது, பிளாஸ்டிக் கருகும் வாடை, இவற்றில் ஒன்று தென்பட்டாலும் அன்றே நிறுத்திவிடுங்கள். 3 கிலோவாட் கீசரிலும் சாக்கெட்டின் பிடி தளர்ந்தால் இது நடக்கும்.

நிமிடத்துக்கு 6 லிட்டரை 25 டிகிரி ஏற்றும் என்று அட்டையில் போட்டிருக்கும் கேஸ் கீசரை நம் சூத்திரத்தில் போட்டால் பத்தரை கிலோவாட் வருகிறது. கோவை வீட்டின் 8 லிட்டர் ஷவருக்குச் சரியாகப் பொருந்துகிற ஒரே இன்ஸ்டன்ட் இதுதான். ஆனால் குளியலறைக்கு உள்ளே அதை மாட்டினால் உயிருக்கே ஆபத்து. மூடிய அறையில் கேஸ் எரியும்போது காற்று போதாமல் கார்பன் மோனாக்சைடு சேரும். நிறமோ மணமோ கிடையாது, குளித்துக்கொண்டிருப்பவர் மயங்கி விழுவதற்குமுன் எந்த எச்சரிக்கையும் இருக்காது. வெளிச்சுவரில் மாட்டித் தண்ணீரை மட்டும் குழாயில் உள்ளே கொண்டுவர வசதி இருந்தால் யோசிக்கலாம்.

மின்சாரச் செலவில் இன்ஸ்டன்ட்டா ஸ்டோரேஜா என்ற வாதத்துக்கும் இதே கணக்குத்தான் பதில். 30 லிட்டர் தண்ணீரை 18 டிகிரி ஏற்ற 0.63 யூனிட் ஆகும். எதில் சூடாக்கினாலும் அதே 0.63. ஸ்டோரேஜில் சுவிட்சை அணைக்காமல் நாள் முழுக்க விட்டால்தான் தொட்டியின் உடம்பு வழியாக வெப்பம் கசிந்து கூடுதல் செலவு. 25 லிட்டர் ஸ்டோரேஜ் 60 டிகிரிக்கு வந்திருந்தால், கோவைக் குளிருக்கு 40 டிகிரியில் 50 லிட்டர் அளவுக்குக் கிடைக்கும். 8 லிட்டர் ஷவரில் ஆறு நிமிடம். வாங்குவது 2 கிலோவாட்தான், பழைய பிளக்கே போதும். அரை மணி நேரம் முன்னதாகச் சுவிட்ச் போட வேண்டும் என்பதுதான் விலை.

ஆகவே கோவையிலோ அதைவிடக் குளிர்ந்த ஊரிலோ ஒருமுனை இணைப்பில் இருப்பவர், ஷவரில்தான் குளிப்பேன் என்றால் 25 லிட்டர் ஸ்டோரேஜ் வாங்குவதே சரி. 3 கிலோவாட் இன்ஸ்டன்ட்டை ஏற்கெனவே வாங்கி மாட்டியிருந்தால் தூக்கி எறிய வேண்டாம். கோவைக் குளிரிலும் 15 லிட்டர் வாளியை அது ஆறேகால் நிமிடத்தில் 40 டிகிரி வெந்நீரால் நிரப்பிவிடும்.